அடகு நகை, வீட்டு லோன் இருந்தா சொத்து மதிப்பு எப்படி பாக்குறது?

"20 பவுன் நகைல பாதி அடகுல இருக்கு, வீட்டு லோனும் ஓடுது, எங்க நிகர மதிப்பு எவ்ளோ வரும்?"

அடகுல இருந்தாலும் நகை உங்களோடதுதாங்க, 20 பவுனையும் சொத்துப் பக்கமே எழுதிட்டு நகைக்கடனையும் இன்னைக்கு வரைக்கும் ஏறுன வட்டியையும் கடன் பக்கம் வைங்க.

நகை மதிப்புக்கு கடை பில்லுல இருக்குற தொகைய அப்படியே எடுத்துடாதீங்க, செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எதுவும் விக்கும்போது திரும்பி வராது. 160 கிராம்ல கல்லு, அரக்கு 6 கிராம் போனா 154, 22 கேரட் கிராம் 9,000ன்னு வச்சா 13.86 லட்சம்.

வீட்டுக்கு அதே தெருவுல சமீபத்துல வித்த விலைய விசாரிங்க. லோனுக்கு ஸ்டேட்மென்ட்ல இருக்குற பாக்கி அசல்தான், மிச்ச இஎம்ஐ எல்லாத்தையும் கூட்டுனா இன்னும் ஏறாத வட்டியும் சேர்ந்து கடன் பெருசா தெரியும்.

உதாரணத்துக்கு வீடு 45 லட்சம், பேங்க்ல 2 லட்சம்னு வச்சா, நகையோட சேர்த்து 60.86 லட்சம். லோன் 22, அடகு வட்டியோட 4.3 கழிச்சா 34.56 லட்சம்.