மூடிய காலத்தில் விழும் பதிவுகள்: எந்தத் தேதியை மாற்றுவது?

"பில்களைக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பத் தினமும் இரவு ஓடும் சிங்க், நிதியாண்டு முடிந்ததிலிருந்து சில பில்களை 'காலம் மூடப்பட்டது' என்று திருப்பி அனுப்புகிறது. பழைய கணக்குக் காலத்தைத் திறந்துவிடலாமா?"

திறக்க வேண்டாம். பில் தேதியை அப்படியே விட்டு, கணக்கில் ஏறும் நாளான பதிவுத் தேதியை மட்டும் திறந்திருக்கும் காலத்தின் முதல் நாளுக்கு மாற்றி அனுப்புங்கள். திறந்தால், வரிசையில் காத்திருக்கும் மற்றவையும் சத்தமில்லாமல் உள்ளே போய், முடித்த ஆண்டின் லாபக் கணக்கே மாறிவிடும்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: பில் வரிசையில் சேரும்போதே பதிவுத் தேதி எழுதப்படுகிறது. நிதியாண்டு டிசம்பரில் முடிவதாக வைத்துக்கொள்ளுங்கள்; டிசம்பர் 31 பில் அன்றிரவு ஏதோ பிழையால் நின்று, ஜனவரி 6 அன்று மறுபடி போகிறது. காலமோ 5ஆம் தேதியே மூடியாயிற்று. எத்தனை முறை மறுமுயற்சி செய்தாலும் அதே தேதிதான் போகும். ஆகவே பதிவுத் தேதியை அனுப்பும் நேரத்தில் தீர்மானியுங்கள். இந்தப் பிழை வந்தால் தானியங்கி மறுமுயற்சியை நிறுத்திவிடுங்கள்.

நிராகரிக்கப்பட்டவற்றின் பதிவுத் தேதிகளைப் பாருங்கள். எல்லாம் பழைய ஆண்டுடையவை என்றால் மேலே சொன்னதுதான். ஜனவரி தேதியுள்ளவையும் திரும்பினால், புது ஆண்டின் காலங்களை யாரும் இன்னும் உருவாக்கவில்லை அல்லது திறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய ஆண்டுக்கே உரிய பெரிய தொகையை இப்படி நகர்த்தினால் இரண்டு ஆண்டுகளின் கணக்கும் தவறாகும். அவற்றைத் தனியே பிரித்துக் கணக்காளரிடம் கொடுங்கள். சரிக்கட்டும் பதிவா, முறைப்படி மறுதிறப்பா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.