சி677டி இருக்கிறது என்பதற்காக ஃபோலிக் ஆசிட்டை நிறுத்த வேண்டாம்

கேள்வி: “குழந்தைக்குத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறோம். எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவில் சி677டி மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. இருந்தால் ஃபோலிக் ஆசிட் உடம்பில் சேராது, மெத்தில்ஃபோலேட்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஃபோலிக் ஆசிட்டை நிறுத்திவிட்டேன். சரிதானா?”

சரியில்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே பேசி, நிறுத்திய மாத்திரையை மீண்டும் தொடங்குங்கள். பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் கருவின் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறுதியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்கச் சொல்கிறார்கள்.

நான் மருத்துவர் அல்ல. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் கடந்துபோக முடியவில்லை, ஏனென்றால் இரண்டாவது கருச்சிதைவுக்குப் பிறகு இதே போன்ற ரிப்போர்ட் என் கையிலும் இருந்தது. அதில் மற்ற வரிகளெல்லாம் கறுப்பில் இருக்க, ‘சி677டி, ஹெட்டிரோசைகஸ்’, அதாவது மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் மாற்றம், என்ற ஒரு வரி மட்டும் சிவப்பில் அச்சாகியிருந்தது. கீழே, ஃபோலேட் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 24 என்று இருந்தது. 15க்குள் இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகளை இழந்த காரணம் அந்தச் சிவப்பு வரியில்தான் இருக்கிறது என்று நான் முழுமையாக நம்பினேன். விலை அதிகமான மெத்தில்ஃபோலேட் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். மறு பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் 21.

ஏன் இறங்கவில்லை என்பது புரிய, இரண்டு மாத்திரைகளும் உடலுக்குள் எங்கே நுழைகின்றன என்று பார்க்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் என்பது ஃபோலேட் என்ற வைட்டமினின் தொழிற்சாலையில் தயாராகும் வடிவம். மாவில் கலந்து சூடாக்கினாலும் எளிதில் கெடாது. அது உடலுக்குள் போனதும் ஒரு நொதி அதை இரண்டு படிகளில் டெட்ராஹைட்ரோஃபோலேட்டாக மாற்றுகிறது. அந்த டெட்ராஹைட்ரோஃபோலேட் ஒரு கார்பனைச் சுமந்துகொண்டு மெத்திலீன் வடிவத்துக்கு வருகிறது. இங்கே பாதை பிரிகிறது. ஒரு கிளை நேராக டிஎன்ஏ கட்டுவதற்குப் போகிறது. இந்தக் கிளைக்கு எம்டிஎச்எஃப்ஆர் தேவையே இல்லை. மற்றக் கிளையில்தான் எம்டிஎச்எஃப்ஆர் நொதி அதை மெத்தில்ஃபோலேட்டாக்குகிறது. மெத்தில்ஃபோலேட் தன் மெத்திலை வைட்டமின் பி12இன் உதவியோடு ஹோமோசிஸ்டீனுக்குக் கொடுத்து, அதை மெத்தியோனினாக மாற்றுகிறது. கீரையில் உள்ள ஃபோலேட்டில் பெரும்பகுதியும் குடலில் உறிஞ்சப்பட்டு இந்த மெத்தில் வடிவமாகத்தான் ரத்தத்தில் ஓடுகிறது.

ஆகவே மெத்தில்ஃபோலேட் மாத்திரை எம்டிஎச்எஃப்ஆர் படியைத் தாண்டி உள்ளே நுழைகிறது என்பது உண்மை. ஆனால் விளம்பரங்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது தாண்டுவது முதல் சுற்றில் மட்டும்தான். மெத்திலைக் கொடுத்த மறுகணமே அது டெட்ராஹைட்ரோஃபோலேட்டாகிவிடுகிறது. அடுத்த சுற்றில் மெத்தில்ஃபோலேட்டாக வேண்டுமானால் அதே எம்டிஎச்எஃப்ஆர் வழியாகத்தான் வர வேண்டும். அந்த நொதி உங்கள் உடலில் வேலை செய்யாமல் இருந்தால் மாத்திரை உங்களைக் காப்பாற்றியிருக்காது. நொதி வேலை செய்கிறது, கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு மெதுவாக? சி677டி மாற்றத்தில் நொதியின் 222ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின் அமர்கிறது. அதனால் நொதி வெப்பத்தில் சற்றுத் தளர்ந்துபோகிறது. ஆய்வுக்கூடத்தில் அளந்தால், இரு பெற்றோரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களின் நொதிக்குச் சுமார் 30 சதவீதத் திறன்தான் இருக்கிறது. என்னைப்போல் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குச் சுமார் 65 சதவீதம். இந்த 30 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் எடுக்கும்போது, இரட்டைப் பிரதி உள்ளவர்களின் ரத்த ஃபோலேட் மாற்றம் இல்லாதவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 16 சதவீதம்தான் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. யார் எவ்வளவு ஃபோலிக் ஆசிட் எடுக்கிறார்கள் என்பது மரபணுவைவிட ரத்த அளவை அதிகம் தீர்மானிக்கிறது.

இரட்டைப் பிரதி உள்ள தாய்மாரிடம் நரம்புக்குழாய்க் குறைபாட்டுக்கான ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதை நான் மறைக்கவில்லை. அதற்கு மருந்து ஃபோலிக் ஆசிட்டே. 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஆய்வில், முன்பு பாதிக்கப்பட்ட கர்ப்பம் உள்ள பெண்களுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. சி677டி மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டதே 1995இல்தான். அந்த ஆய்வில் இருந்த பெண்களை யாரும் மரபணு பார்த்துப் பிரிக்கவில்லை. மாற்றம் உள்ளவர்களும் அவர்களிடையே நிச்சயம் இருந்திருப்பார்கள். மெத்தில்ஃபோலேட் ரத்த ஃபோலேட்டை நன்றாகவே உயர்த்துகிறது. ஆனால் குழந்தையின் முதுகெலும்பைக் காத்தது என்று ஆய்வால் நிரூபிக்கப்பட்ட மாத்திரை ஃபோலிக் ஆசிட் மட்டும்தான். இங்கே யாராவது “இயற்கை வடிவம்தானே நல்லது” என்று எழுதுவார்கள் என்று தெரியும். எது இயற்கை என்பதல்ல, எது பிறக்கப்போகும் குழந்தைக்கு வேலை செய்ததாகக் காட்டப்பட்டது என்பதே என் கவலை.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாவதாகப் பார்த்த பொது மருத்துவர் மரபணு ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “சைவமா?” என்றார். “பிறப்பிலிருந்தே” என்றேன். “கால் விரல் மரத்துப்போகிறதா?” என்றார். இரவில் மரத்துப்போனது, செருப்பு இறுக்கம் என்று நினைத்திருந்தேன். பி12 அளவு 138 வந்தது. 200க்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் நான் வகுப்பில் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரையும் அந்த அம்பு என் கண்முன் வந்தது. பி12 இல்லாமல் மெத்தில்ஃபோலேட்டால் மெத்திலைக் கொடுக்க முடியாது. திரும்பியும் போக முடியாது. நான் சாப்பிட்ட மூன்று மாத மாத்திரைகள் போய்ச் சேரும் இடமே அடைபட்டிருந்தது. அவர் பி12 ஊசி போட்டு, மெத்தில்ஃபோலேட்டை நிறுத்தி, சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் ஹோமோசிஸ்டீன் 11.

ஒருத்தியின் அனுபவம் ஆதாரமாகாது என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். என் கருச்சிதைவுகளுக்குப் பி12 குறைவுதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சி677டியும் காரணம் இல்லை. தொடர் கருச்சிதைவுக்கோ ரத்த உறைவுக்கோ காரணம் தேட இந்தப் பரிசோதனையை எழுதவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே பரிந்துரைத்துவிட்டது. இருந்தும் இதைப் பல ஆயிரம் ரூபாய்ப் ‘பேக்கேஜ்’ ஆக விற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. குழந்தையை இழந்த பெண் எந்தக் காரணத்தையும் பிடித்துக்கொள்வாள்.

பிறவியிலேயே எம்டிஎச்எஃப்ஆர் நொதி ஏறக்குறைய இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக மிக அரிதாக உண்டு. அவர்களின் ஹோமோசிஸ்டீன் பெரும்பாலும் நூற்றைத் தொடும் அல்லது தாண்டும். அது வேறு நோய், வேறு சிகிச்சை. உங்கள் ரிப்போர்ட்டில் உள்ளது அதுவல்ல. உங்கள் ரிப்போர்ட்டில் ஹோமோசிஸ்டீனும் பி12ம் இருந்தால், மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் அந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். பி12 பார்க்கப்படவில்லையென்றால், குறிப்பாக நீங்கள் சைவம் என்றால், அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு நரம்புக்குழாய்க் குறைபாட்டால் பாதிக்கப்பட்ட கர்ப்பமோ, வலிப்புக்கான மருந்தோ, சர்க்கரை நோயோ இருந்தால் ஃபோலிக் ஆசிட்டின் அளவு 400 மைக்ரோகிராமைவிட அதிகம் தேவைப்படலாம். அதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.