தரைவீட்டுக்கு சிங்கிள் ஃபேஸா, திரீ ஃபேஸா? ஆர்சிசிபி எத்தனை?

கேள்வி: சிலேத்தார் ஹில்ஸில் எங்கள் பழைய டெரஸ் வீட்டை இடித்துக் கட்டுகிறோம். எலக்ட்ரீஷியன் சிங்கிள் ஃபேஸ் போதும் என்கிறார், கான்ட்ராக்டர் திரீ ஃபேஸ் வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி? ஆர்சிசிபி ஒன்று போதுமா?

மின்சாரக் கார் வீட்டில் சார்ஜ் ஆகப்போகிறதென்றால் திரீ ஃபேஸ் வாங்குங்கள். கார் வராது, லிஃப்டும் வைக்கப்போவதில்லை என்றால் சிங்கிள் ஃபேஸே போதும். கரண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் ஆர்சிசிபியை மட்டும் எந்த நிலையிலும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். சிங்கப்பூரில் 18 வருடமாக வீட்டு ஒயரிங் வேலையில் இருக்கிறேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரே லைவ் ஒயர் வரும் சிங்கிள் ஃபேஸில் 100 ஆம்ப் வரை, அதாவது 23 கேவிஏ வரை வாங்கலாம். மூன்று லைவ் ஒயர் வரும் திரீ ஃபேஸில் ஒவ்வொன்றும் 63 ஆம்ப் என்றால் கிட்டத்தட்ட 43 கேவிஏ கிடைக்கும். வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பயப்படக் கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. எந்த நேரத்தில் அதிகமாக இழுக்கும் என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அது இரவு ஏழரை மணி: அடுப்பில் சமையல், இரண்டு குளியலறையில் குளியல், அறைகளில் ஏர்கான்.

உங்களுடையதைப் போன்ற ஒரு டெரஸ் வீட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. ஐந்து அறை ஏர்கான்கள் இரண்டு வெளி யூனிட்டில் ஓடும்போது 4 கிலோவாட். இன்டக்‌ஷன் அடுப்பில் இரண்டு பக்கம் எரிந்தால் 4. வாட்டர் ஹீட்டர் இரண்டு, தலா 3, ஆக 6. கெட்டில் 2. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 1. மொத்தம் 17 கிலோவாட், அதாவது 74 ஆம்ப். 63 ஆம்ப் சிங்கிள் ஃபேஸ் இதைத் தாங்காது, 100 ஆம்ப் தாங்கும். உங்கள் எலக்ட்ரீஷியன் இந்த இடத்தில் நின்றுதான் போதும் என்று சொல்லியிருப்பார். இதோடு 7.4 கிலோவாட் கார் சார்ஜரைச் சேர்த்தால் 24.4 கிலோவாட், 106 ஆம்ப். எல்லை தாண்டிவிட்டது.

சார்ஜரை நள்ளிரவுக்கு மேல் ஓடும்படி வைத்தால் சிங்கிள் ஃபேஸிலேயே சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி உண்மைதான். புதிய கேபிள் கொண்டுவர வழியே இல்லாத வீட்டுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் வீட்டையே இடித்துக் கட்டுகிறீர்கள். மண் திறந்திருக்கும் இப்போது செய்யாமல், கார்போர்ச்சில் டைல்ஸ் ஒட்டிய பிறகு தோண்டுவது வீண். யூனிட் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. சிங்கிள் ஃபேஸ்தான் என்று முடிவு செய்தாலும், வாசல் தூணில் உள்ள மீட்டர் பெட்டியிலிருந்து வீட்டின் மின்விநியோகப் பெட்டியான டிபி வரை நான்கு கோர் கேபிள் போகும் அளவுக்குப் பெரிய குழாயைப் புதைத்துவிடச் சொல்லுங்கள்.

அதே 24.4 கிலோவாட்டை மூன்று ஃபேஸில் பிரித்தால் இப்படி வரும். முதல் ஃபேஸில் கார் சார்ஜரும் விளக்குகளும்: 34 ஆம்ப். இரண்டாவதில் அடுப்பு, கெட்டில், ஃப்ரிட்ஜ், ஒரு ஹீட்டர்: 41 ஆம்ப். மூன்றாவதில் ஏர்கான், இன்னொரு ஹீட்டர்: 30 ஆம்ப். தீபாவளிக்கு முதல் நாள் அடுப்பை முழு வேகத்தில் ஓட்டினாலும் இரண்டாவது ஃபேஸ் 56 ஆம்ப்பில் நிற்கும். 40 ஆம்ப் மெயின் போட்டிருந்தால் அன்றைக்கு மாட்டிக்கொண்டிருப்பீர்கள். பட்டியலைப் பார்க்காமல், வந்த ஒயரை வந்த வரிசையில் வலது, நடு, இடது என்று மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதனால் எந்தச் சர்க்யூட் எந்த ஃபேஸில் போகிறது என்பதை ஒயர் இழுக்கும் முன்பே தாளில் எழுதி வாங்குங்கள்.

இனி ஆர்சிசிபி. 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். 2023 ஜூலையில் பழைய வீடுகளுக்கும் கட்டாயமாக்கி, 2 வருட அவகாசம் கொடுத்தார்கள். ஆகவே ஒன்றைப் போடாமல் யாரும் விடமாட்டார்கள். எத்தனை போடுவது, எதை எதன் கீழே வைப்பது என்பதில்தான் வேலை தெரிந்தவர் யார் என்று தெரியும்.

ஆர்சிசிபி செய்வது ஒன்றே ஒன்று. லைவில் போன கரண்ட் அதே அளவு நியூட்ரலில் திரும்புகிறதா என்று ஒப்பிடும். குறைந்தால், குறைந்தது எங்கோ பூமிக்கோ மனித உடம்புக்கோ போகிறது என்று பொருள், உடனே அறுத்துவிடும். வீட்டுக்கு 30 மில்லிஆம்ப். 30 வரை பொறுமையாகக் காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம், 15-ஐத் தாண்டினாலே விழலாம். இன்வெர்ட்டர் ஏர்கான், இன்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், கணினி எல்லாமே பழுதில்லாமல் இருக்கும்போதும் ஆளுக்கு ஒன்றிரண்டு மில்லிஆம்ப் கசியவிடும். முழு வீட்டையும் ஒரே ஆர்சிசிபியின் கீழே வைத்தால் இந்தச் சில்லறைக் கசிவெல்லாம் அங்கே சேர்ந்து 10, 12 என்று நிற்கும். அப்புறம் ஹீட்டரின் காயிலில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், விடியற்காலை மூன்று மணிக்கு வீடே இருட்டு. ஒவ்வொரு ஆர்சிசிபியின் கீழும் நிலையான கசிவு 9 மில்லிஆம்ப்புக்குள் இருக்கும்படி பிரியுங்கள். கசிவை அளக்கும் கிளாம்ப் மீட்டர் உள்ளவர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

உங்கள் வீட்டுக்கு நான் போடுவது: ஒவ்வொரு ஃபேஸுக்கும், ஒரு லைவும் ஒரு நியூட்ரலும் மாட்டும் டூ போல் ஆர்சிசிபி ஒன்று, 63 ஆம்ப், 30 மில்லிஆம்ப், டைப் ஏ. டைப் ஏசி வேண்டாம். இன்வெர்ட்டர் சாதனங்களின் கசிவு சீரான அலையாக இருக்காது, டைப் ஏசி அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். உறையில் ஒற்றை அலை மட்டும் வரைந்திருந்தால் அது டைப் ஏசி. அலைக்குக் கீழே பாதி மேடுகளும் வரைந்திருந்தால் டைப் ஏ. 63 ஆம்ப் மெயினுக்குப் பின்னால் 40 ஆம்ப் ஆர்சிசிபியும் கூடாது. அதிக லோடு வந்தால் ஆர்சிசிபி தன்னைத்தானே காத்துக்கொள்ளாது, உருகும். கார் சார்ஜருக்கு முதல் ஃபேஸிலிருந்தே தனி ஆர்சிசிபி, விளக்குகளோடு சேராமல். கார் பக்கமிருந்து டிசி கசிந்தால் மேலே உள்ள சாதாரண ஆர்சிசிபி விழாமலே மரத்துப்போகலாம். அதனால் 6 மில்லிஆம்ப் டிசியைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டிசி கசிவையும் பிடிக்கும் டைப் பி போட வேண்டும். சார்ஜர் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் ஒப்புதல் பெற்றதா என்பதும் முக்கியம், பதிவும் செய்ய வேண்டும்.

மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒரே ஃபோர் போல் ஆர்சிசிபி போட்டால் இடம் மிச்சம் என்பார்கள். அதை நான் ஏன் ஏற்பதில்லை என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு அக்கா ஃபோன் செய்தார்: “தம்பி, கெட்டில் போட்டா மாடி லைட்டு பளீர்னு எரியுது, ஃபேன் பறக்குது.” அப்படியே மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். மெயினைச் சில நொடிகள் மட்டும் போட்டு அளந்தேன். சமையலறைச் சாக்கெட்டில் 150 வோல்ட், மாடியில் 280. டிபி மூடியைக் கழற்றினால் ஃபோர் போல் ஆர்சிசிபியின் நியூட்ரல் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒயரின் நீல உறை சுருங்கியிருந்தது. ஸ்க்ரூ அரைச் சுற்று சுற்றியது. வேறொன்றும் இல்லை, கட்டியவர்கள் இறுக்காமல் விட்டிருந்தார்கள்.

நியூட்ரல் அறுந்தால் மூன்று ஃபேஸுக்கும் நடுவே ஊஞ்சல் போல வோல்டேஜ் ஆடும். அதிக லோடு உள்ள ஃபேஸில் குறையும், லோடு இல்லாத ஃபேஸில் ஏறும். ஆர்சிசிபி விழவே விழாது, ஏனென்றால் எதுவும் கசியவில்லை. அந்த வீட்டில் டிவியும் ஒரு ஏர்கான் போர்டும் போயின. சிங்கிள் ஃபேஸில் இந்த ஆபத்து கிடையாது, நியூட்ரல் போனால் கரண்ட் வராது, அவ்வளவுதான். திரீ ஃபேஸ் வாங்கினால் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும்: மெயினின் நியூட்ரல் முனையை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும், அதிக வோல்டேஜ் வந்தால் அறுத்துவிடும் ரிலே ஒன்றையும் வையுங்கள். தனித்தனி டூ போல் போட்டால் மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் இணைப்புகள் குறையும், தளர இடமும் குறையும்.

பிரித்துப் போடும்போது வரும் பழுது மாடிப்படி விளக்கில்தான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். லைவைக் கீழ்த்தள விளக்கு சர்க்யூட்டிலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலை மாடியில் பக்கத்திலிருந்த இன்னொரு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கிவிடுவார்கள். அந்த இரண்டும் வேறு வேறு ஆர்சிசிபியின் கீழே இருந்தால், மாடிப்படி விளக்கைப் போட்டவுடன் ஒன்றோ இரண்டுமோ விழும். சாதனம் பழுது என்று நினைத்து ஆர்சிசிபியை மாற்றுவார்கள், மறுபடியும் விழும். குடிவந்த பிறகு சுவரை உடைக்காமல் இதைச் சரிசெய்வது கஷ்டம். சீலிங் மூடுவதற்கு முன், மின்சாரம் இல்லாத நிலையில், ஒவ்வொரு ஆர்சிசிபி குழுவின் நியூட்ரலையும் அது மாட்டியிருக்கும் பாரிலிருந்து விலக்கி, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைக்கச் சொல்லுங்கள். 1 மெக்ஓமுக்கு மேலே காட்ட வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் எங்கோ இரண்டும் கலந்திருக்கிறது.

பழைய வீட்டில் ஏதாவது சுவரை வைத்துக்கொள்கிறீர்களா? அப்படியென்றால் ஒயர் நிறத்தில் கவனம். முன்பு கறுப்புதான் நியூட்ரல், நீலம் ஒரு ஃபேஸ். இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம்தான் நியூட்ரல். இரண்டும் சந்திக்கும் பெட்டியில் எழுதி ஒட்டாமல் விடக் கூடாது.

சாவி வாங்கும் நாளில் உரிமம் பெற்ற மின்பணியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானையும் நீங்களே அழுத்துங்கள். ஒன்று விழுந்ததும் ஃபோன் சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று தளமும் நடந்து, எந்தச் சாக்கெட் செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். டிபி மூடியில் ஒட்டியிருக்கும் பட்டியலோடு அது ஒத்துப்போனால் கையெழுத்துப் போடலாம்.