எஸ்டிமேட்டில் கம்பி, சிமென்ட் கணக்கு சரியா?

கேள்வி: 1,000 சதுர அடி வீட்டுக்கு 430 மூட்டை சிமென்ட், 5.5 டன் கம்பின்னு கான்ட்ராக்டர் போட்டிருக்கார். இது சரியா?

சிமென்ட் சரி. சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை என்பது வழக்கமான கணக்கு, உங்களுக்கு 0.43 வருகிறது. கம்பிதான் உறுத்துகிறது. தரைத்தள வீட்டுக்குப் பொதுவாக சதுர அடிக்கு 3.5 முதல் 4 கிலோ போதும், இவர் 5.5 கிலோ போட்டிருக்கிறார்.

உடனே திருட்டு என்று முடிவு கட்டாதீர்கள். கரிசல் மண்ணில் பைல் போட்டாலோ, மேலே இன்னொரு மாடிக்கு அஸ்திவாரத்தைப் பலமாக்கினாலோ கம்பி கூடும். சம்ப், காம்பவுண்டு சுவருக்கான கம்பியும் இதில் சேர்ந்திருக்கலாம், ஆனால் அவற்றின் பரப்பு அந்த 1,000 சதுர அடிக் கணக்கில் வராது, அதனால் சதுர அடிக்கான கம்பி கூடுதலாகத் தெரியும்.

எனவே கம்பியை அஸ்திவாரம், தூண், பீம், ஸ்லாப் எனப் பிரித்துக் கேளுங்கள். ஸ்லாப்பை நீங்களே சரிபார்க்கலாம். 5 அங்குல கனத்தில் 1,000 சதுர அடிக்கு சுமார் 11.8 கனமீட்டர் கான்கிரீட். கனமீட்டருக்கு 80 கிலோ வைத்தால் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஸ்லாப்புக்கு மட்டும் இரண்டு டன் எழுதியிருந்தால், ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் காட்டச் சொல்லுங்கள்.