சிங்கம், எருது, நடுவில் நரி: பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சிங்கம்னா அரசன், நரின்னா தந்திரம். குணம் முன்பே தெரிஞ்சிடும் என்பதால்தானே விலங்குகளை வைத்தார்கள்?

பதில்: பாதி சரி. ஆனால் மித்திரபேதம் என்ற இந்த முதல் தந்திரத்தில் கரடகன், தமனகன் இருவருமே நரிகள், பதவி இழந்த அமைச்சர் மகன்கள். சிங்க அரசன் எதற்கோ மிரண்டு நிற்பதைப் பார்த்ததும், ஆப்பைப் பிடுங்கிச் செத்த குரங்கின் கதையைச் சொல்லி, நமக்கெதற்கு வம்பு என்கிறான் கரடகன். தமனகனோ அங்கேதான் வாய்ப்பைப் பார்க்கிறான். குணத்தைப் பிறப்பே முடிவு செய்துவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

விலங்கு உருவம் உடனே காட்டிவிடுவது யார் யாரை நம்பிப் பிழைக்கிறார் என்பதைத்தான். சிங்கம் பிங்களகன் வேட்டையாடினால்தான் பரிவாரத்துக்குச் சாப்பாடு. எருது சஞ்சீவகனோடு பேச்சில் மூழ்கி அது வேட்டையை விட்டதும் எல்லோருக்கும் பட்டினி. ஓர் அரசவையில் இதையே சொல்ல வரி, மானியம், படைச்செலவு என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மேனேஜர்கிட்ட என்னைப் பற்றியும், என்கிட்ட மேனேஜரைப் பற்றியும் ஏதேதோ சொல்றார். இந்தக் கதை உதவுமா?

பதில்: தமனகன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் குடிக்க யமுனைக்குப் போன சிங்கம், எருதின் முழக்கத்தைக் கேட்டு மிரண்டு நின்றதை முதலில் கவனித்தான். பிறகு இருவரையும் நண்பர்களாக்கினான். அதனால் இருவருமே அவனை நம்பினார்கள். கடைசியில் தனித்தனியே பயமுறுத்தி, ஆளுக்கொரு அடையாளமும் சொல்லிவைத்தான்: கொம்பைத் தயாராக வைத்து வந்தால் எருது துரோகி, காதை நிமிர்த்திக் கண் சிவந்து உட்கார்ந்தால் சிங்கம் கொல்லப் போகிறது.

பயந்தவன் எச்சரிக்கையாகத்தானே வருவான்? அந்த எச்சரிக்கையே மற்றவருக்குச் சாட்சியாகிவிட்டது, சண்டை மூண்டு சிங்கம் எருதைக் கொன்றது. சொன்னது பலித்துவிட்டதே என்பதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். உங்கள் விலகலே மேலாளரின் முகத்தை மாற்றியிருக்கலாம். சிங்கமும் எருதும் செய்யாதது ஒன்றுதான்: நேரில் கேட்பது. அதை முதலில் செய்யுங்கள்.

கேள்வி: சிங்கம் எருதைத் தின்பது இயற்கை. இதில் நீதி எங்கே?

பதில்: சிங்கம் அபயம் கொடுத்திருந்தது, கொன்றபோது அந்த வாக்கை முறித்தது. புல் தின்பவனுக்கும் இறைச்சி தின்பவனுக்கும் இடையே நட்பு நிலைக்காது என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பொய் அதில்தான் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: அப்படியென்றால் தமனகனுக்குத் தண்டனை? என் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

பதில்: வடமொழிக் கதையில் இல்லை, அமைச்சனாகவே இருந்துவிடுகிறான். 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா எழுதிய அரபு வடிவத்தில் விசாரணை நடந்து, மரண தண்டனையும் உண்டு. தண்டனை வந்ததும் அரசனின் தவறு மறைந்துவிடுகிறது என்பதால், வடமொழி முடிவே அரசனுக்குப் பொருத்தமான பாடம் என்பது என் கருத்து.

இன்னொருவர்: ஏற்கவில்லை. குழந்தை "நரி ஜெயித்தது" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: அந்தப் பயம் நியாயமானது. சிறு பிள்ளைகளுக்கு அரபு முடிவைச் சொல்வதை நான் தடுக்க மாட்டேன்.