276 எடுத்தவனுக்கும் 268 எடுத்தவனுக்கும் ஒரே கட்ஆஃப் வருவது எப்படி?

கேள்வி: என் மகன் ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கணிதம் 87, இயற்பியல் 93, வேதியியல் 96. மூன்றும் சேர்த்து 276. 300-க்கு 276 என்றால் 200-க்கு 184 என்று நான் போட்டு வைத்திருக்கிறேன். அவனுடைய நண்பன் 268-தான். ஆனால் இருவருக்கும் இன்ஜினியரிங் கட்ஆஃப் 181.5 என்கிறார்கள். என் கணக்கில் எங்கே தவறு?

பதில்: நீங்கள் மூன்று பாடங்களுக்கும் ஒரே எடை கொடுத்துவிட்டீர்கள், தவறு அதுதான். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் 200 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 100, கணிதத்துக்குப் போய்விடுகிறது. மீதி 100-ஐ இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50 என்று பிரித்துக்கொள்கின்றன. அதனால் கணித மதிப்பெண்ணை அப்படியே எழுதி, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்ட வேண்டும்.

உங்கள் மகனுக்கு 87 + 46.5 + 48 = 181.5. நண்பனின் தனித்தனி மதிப்பெண்களை நீங்கள் எழுதவில்லை. அவர் கணிதத்தில் 95, இயற்பியலில் 85, வேதியியலில் 88 எடுத்திருந்தால், 95 + 42.5 + 44 என்று அதே 181.5 வரும்.

இதைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மூன்று பாடக் கூட்டுத்தொகையோடு கணித மதிப்பெண்ணை இன்னொரு முறை கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்கள். 276 + 87 = 363, அதில் பாதி 181.5. நண்பனுக்கும் 268 + 95 = 363 என்றே வருகிறது. கணிதம் இரண்டு முறை எண்ணப்படுவதால், மொத்தத்தில் 8 மதிப்பெண் குறைந்தவர் கணிதத்தில் 8 கூடுதலாக எடுத்து அதை ஈடுகட்டிவிட்டார். மற்ற இரண்டு பாடங்களைவிடக் கணிதத்தில் குறைவாக எடுத்தவர்களுக்கு, உங்களைப் போல் சராசரி போட்டால் உண்மையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். இல்லாத இரண்டரை மதிப்பெண்ணை நம்பிக் கல்லூரிப் பட்டியல் தயாரித்தால், எட்டாத கல்லூரிகளே அதில் நிறைந்துவிடும். அதனால் 184-ஐ இப்போதே அடித்துவிடுங்கள்.

கட்ஆஃப் ஒன்றாக இருந்தாலும் ரேங்க் ஒன்றாக இருக்காது. சமமாக நிற்பவர்களில் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆகவே 95 எடுத்த நண்பர் உங்கள் மகனுக்கு முன்னால் நிற்பார். கணிதமும் சமமானால் இயற்பியல். அதுவும் சமமானால் அடுத்து வேதியியலைப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் கட்ஆஃப், கணிதம், இயற்பியல் மூன்றும் ஒத்துப்போனால் வேதியியல் தானாகவே சமமாகத்தான் இருக்கும். அதனால்தான் நான்காவது பாடத்துக்குப் போகிறார்கள். உயிரியலோ கணினி அறிவியலோ கட்ஆஃபில் சேராது என்று விட்டுவிடுகிற மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கட்ஆஃப் பெரும்பாலும் அரை மதிப்பெண் இடைவெளியில்தான் நகர்கிறது என்பதால், ஒரே எண்ணில் பலர் குவிந்து நிற்பார்கள்.

மதிப்பெண் பட்டியலிலிருந்து எந்த எண்ணை எடுக்கிறீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். 64, 20, 9 என்று இருந்தால் நமக்கு வேண்டியது கடைசியில் உள்ள 93. எழுத்துத் தேர்வின் 64-ஐ மட்டும் எடுத்துப் பாதியாக்கிவிட்டு, கட்ஆஃப் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று பதறி வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 46.5-ஐ 47 என்று முழு எண்ணாக்கவும் கூடாது. அந்த அரை மதிப்பெண்ணில் ரேங்க் கணிசமாக மாறும்.

மறுகூட்டல், மறுமதிப்பீடு பற்றி யோசிக்கும்போதும் இதே எடைதான் வழிகாட்டி. கணிதத்தில் 2 மதிப்பெண் கூடினால் கட்ஆஃப் 183.5 ஆகும். வேதியியலில் அதே 2 கூடினால் 182.5-தான். விடைத்தாள் நகலை வாங்கினால் முதலில் கணிதத் தாளைப் பாருங்கள்.

மகன் நான்காவது பாடமாக உயிரியல் படித்திருந்து கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பித்தால், இந்த 181.5-ஐ அங்கே கொண்டுபோகாதீர்கள். அங்கே கணிதத்தின் இடத்தில் உயிரியல் 100-க்கு நிற்கும். உயிரியலில் 90 எடுத்திருந்தால் 90 + 46.5 + 48, அதாவது 184.5. இரண்டும் 200-க்குத்தான் என்றாலும் வேறு வேறு பட்டியல்கள். சென்ற ஆண்டு இன்ஜினியரிங் கட்ஆஃபை 181.5-ஓடும், கால்நடை மருத்துவக் கட்ஆஃபை 184.5-ஓடும், இரண்டையும் உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவின் பட்டியலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.