வங்கிக் கணக்கு தொடங்க ஒரு பேச்சுத்தமிழ் உரையாடல்

கேள்வி: புனேவிலிருந்து கோவைக்கு வேலைக்கு வந்திருக்கும் நண்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்த வாரம் வங்கியில் கணக்கு தொடங்கப் போகிறார். அங்கே பேச ஒரு சின்ன உரையாடல் எழுதித் தர முடியுமா? எங்கே எப்படி மரியாதையாகப் பேச வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பதில்:

வங்கியில் காதில் விழுவது முழுக்கப் பேச்சுத்தமிழ்தான். அதனால் உரையாடலை அப்படியே எழுதியிருக்கிறேன். கவுன்டரில் இருப்பவர் பெண் அலுவலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்: வணக்கம் மேடம். புதுசா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் ஆரம்பிக்கணும். யாரைப் பார்க்கணுங்க?

அலுவலர்: இங்கதான், உட்காருங்க. ஆதார், பான் கார்டு ரெண்டும் இருக்கா?

வந்தவர்: இருக்குங்க. ஒரிஜினல், ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் கொண்டு வந்திருக்கேன்.

அலுவலர்: பேர் சொல்லுங்க. இனிஷியல் என்ன?

வந்தவர்: எனக்கு இனிஷியல் இல்லைங்க. ஆதார்ல இருக்கிற மாதிரியே முழுப் பேரையும் போட்டுடுங்க.

அலுவலர்: ஆதார்ல புனே அட்ரஸ் இருக்கே. இப்ப எங்க தங்கியிருக்கீங்க?

வந்தவர்: பீளமேட்டுல, வாடகை வீட்டுல இருக்கேன்.

அலுவலர்: அப்ப அந்த அட்ரஸை இந்த பாரத்துல எழுதி, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க. நாமினி யாரு?

வந்தவர்: எங்க அம்மா. அவங்க ஊர்ல இருக்காங்க. நேர்ல வரணுங்களா?

அலுவலர்: தேவையில்லை, விவரம் மட்டும் ஃபில் பண்ணிடுங்க.

வந்தவர்: கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா மேடம்? இப்பதான் தமிழ் கத்துக்கறேன்.

அலுவலர்: ஓ, சரி சரி. அம்மா வர வேண்டாம். அவங்க பேரு, பிறந்த தேதி மட்டும் எழுதுங்க.

வந்தவர்: சரிங்க. மினிமம் பேலன்ஸ் எவ்வளவு வைக்கணும்?

அலுவலர்: ஆயிரம் ரூபாய். அப்புறம், ஒரு இன்சூரன்ஸ் பாலிசி இருக்கு, சேர்த்துப் போட்டுடலாமா?

வந்தவர்: இப்ப வேண்டாங்க, அப்புறம் பார்க்கலாம். பாஸ்புக் எப்ப கிடைக்கும்?

அலுவலர்: நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க. ஏடிஎம் கார்டு தபால்ல வந்துடும்.

வந்தவர்: ரொம்ப நன்றிங்க. அப்ப நான் வரேன்.

அலுவலர்: சரி, வாங்க.

தமிழ் புதிதாகக் கற்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது ஏவலில்தான். வினைச்சொல்லைக் 'குடு', 'சொல்லு', 'எழுது' என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். அதை அப்படியே வாயில் விட்டால், முன்பின் தெரியாத அதிகாரியை ஒருமையில் ஏவியதாகிவிடும். 'குடுங்க', 'சொல்லுங்க' என்றாலே மரியாதை வந்துவிடும். ஆனால் நமக்கு ஒரு உதவி வேண்டும் என்கிறபோது அதைக் கேள்வியாக மாற்றுவது இன்னும் நயம்: 'மெதுவா சொல்லுங்க' என்பதற்குப் பதில் 'கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?'. அந்தக் 'கொஞ்சம்' இங்கே அளவைக் குறிக்கவில்லை, கேட்கிற தொனியை இளக்குகிறது. பாடப்புத்தகத்தில் வரும் 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகைக்கும் கடிதத்துக்கும் சரி. கவுன்டரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. உங்கள் நண்பர் ஒரே ஒரு வாக்கிய அமைப்பை மட்டும் பழகிக்கொண்டு போகிறார் என்றால் அது இந்தக் 'கொஞ்சம் ...றீங்களா' ஆகவே இருக்கட்டும். பேனா கேட்க 'கொஞ்சம் பேனா குடுக்கறீங்களா?', பாரம் புரியாவிட்டால் 'இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?' என்று அதை வைத்தே சமாளித்துவிடலாம்.

அடுத்தது 'இருக்குங்க', 'இல்லைங்க', 'வரணுங்களா' என்று கடைசியில் ஒட்டும் 'ங்க'. கோவைப் பக்கம் இது மூச்சு மாதிரி வரும். சாதாரண 'சரி' கூட 'சரிங்க' ஆகிவிடும். 'வரணுமா?' என்று கேட்பதும் தப்பில்லை, ஆனால் 'வரணுங்களா?' என்றால் அந்த ஊர்க் காதுக்கு இதமாக இருக்கும். சென்னையில் இவ்வளவு போட மாட்டார்கள், அந்த வேலையை அங்கே 'சார்', 'மேடம்' செய்துவிடும். எங்கே ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மேடம்', 'ங்க' இரண்டையும் சேர்த்து அடுக்க வேண்டாம், அது கெஞ்சுவது போலாகிவிடும். உரையாடலில் 'மேடம்' இரண்டே இடத்தில்தான் வருகிறது, பாருங்கள்: பேச்சைத் தொடங்கும்போது ஒன்று, உதவி கேட்கும்போது ஒன்று.

அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசும்போதும் மரியாதை வேண்டும். வீட்டில் அம்மாவை 'இருக்கா' என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. வெளி ஆளிடம் பேசும்போது 'அம்மா இருக்காங்க' என்றுதான் சொல்ல வேண்டும். 'என் அம்மா' என்பதைவிட 'எங்க அம்மா' இயல்பு. அவர் ஒரே பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான். மேனேஜரைக் கேட்க வேண்டி வந்தால், ஆண் என்று தெரிந்தால் 'இருக்காரா?', பெண் என்றால் 'இருக்காங்களா?'. தெரியாதபோது 'இருக்காங்களா?' என்று கேட்டுவிடலாம், அது இருவருக்கும் பொருந்தும்.

இனிஷியல் கேள்விக்கு அவரை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். குடும்பப் பெயரோடு வருகிறவர்கள் அங்கேதான் விழிப்பார்கள். இங்கே பலருக்கும் அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல் என்பதால் அலுவலர் பழக்கத்தில் கேட்டுவிடுவார். பதில் இல்லாமல் நின்றால், மராத்திப் பெயரின் நடுவில் இருக்கும் அப்பா பெயரை அவரே சுருக்கி ஓர் எழுத்தாக்கிவிடக்கூடும். ஆதாரிலும் பானிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே சரிபார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எழுத்து மாறியிருந்தால் வங்கியில் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. பான் கார்டே இல்லாதவர் 'பான் இல்லைங்க, அதுக்குப் பதிலா குடுக்கற ஃபார்ம் குடுக்கறீங்களா?' என்று கேட்கலாம்.

முகவரி விஷயம் வெளியூர்க்காரர்கள் நினைக்கிற அளவு சிக்கல் இல்லை. ஆதாரை வைத்துக் கைரேகை மூலம் இ-கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பை முடித்தால், இப்போது தங்கியிருக்கும் முகவரியைத் தானே உறுதிமொழியாக எழுதித் தர ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுக்கிறது. அலுவலர் தயங்கினால் 'நானே எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்தா போதுங்களா?' என்று கேட்கச் சொல்லுங்கள். விதியைச் சொல்லி வாதாடுவதைவிட, இப்படிக் கேட்டால் வேலை சுலபமாக நடக்கும்.

மறுப்பதையும் பழக்க வேண்டும். இன்சூரன்ஸ் கேட்கும்போது 'இல்லை' என்று மட்டும் சொன்னால், என்ன இல்லை என்று எதிரில் இருப்பவருக்கு விளங்காது. ஒன்றை ஏற்க விருப்பமில்லை என்பதற்கு 'வேண்டாம்' தான் சொல். வெறும் 'வேண்டாம்' வெட்டினாற்போல் இருக்கும் என்பதால் 'இப்ப வேண்டாங்க' என்று சொல்லி, 'அப்புறம் பார்க்கலாம்' சேர்த்தால் யாருக்கும் வருத்தம் இருக்காது. திரும்பவும் வற்புறுத்தினால் அதையே இன்னொரு முறை, அதே குரலில் சொன்னால் போதும். காரணம் விளக்க ஆரம்பித்தால் பேச்சு நீளும், கற்றுக்கொள்கிறவருக்கு அது கஷ்டம்.

விடைபெறும்போது 'போறேன்' வேண்டாம், 'வரேன்' தான். அதற்கு அலுவலர் 'வாங்க' என்பார். கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவையுங்கள்.